ஓடும் காரின் நம்பர் பிளேட்டை டாஷ்கேம் வீடியோவில் மறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஒரு கிளிப்பை வைத்துச் சொன்னவை. 14 வினாடி, நொடிக்கு 30 ஃப்ரேம், ஆகமொத்தம் 420 ஃப்ரேம், 1920×1080. முன்னால் ஒரு கார் போகிறது. சிக்னல் நெருங்க நெருங்க அது வேகம் குறைக்கிறது, நாம் அதன் பின்னால் போய் நிற்கிறோம், அப்புறம் அது வலது பக்கம் திரும்பிப் படத்தை விட்டே வெளியே போய்விடுகிறது. நடுவில் ஒரு பைக் குறுக்கே வரும், ஒரு பள்ளத்தில் நம் வண்டி குதிக்கும். டாஷ்கேம் வீடியோவில் வழக்கமாக வரும் தலைவலிகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

எந்த மென்பொருளில் செய்வது? காசு கொடுத்து வாங்கணுமா?

வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். இங்கே சொல்லும் மூன்றும், அதாவது நகர்வைப் பின்தொடரும் டிராக்கர், மறைக்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் விண்டோ, மங்கலாக்கும் பிளர், அதிலேயே இருக்கின்றன. லினக்ஸில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: அங்கே இலவசப் பதிப்பு H.264, H.265 கோப்புகளைத் திறக்காது, டாஷ்கேம் தருவதோ கிட்டத்தட்ட எப்போதும் அந்த இரண்டில் ஒன்றுதான். முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கேடன்லைவ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் பக்கம் போகலாம் (அதைப் பற்றி கீழே இருக்கிறது).

முதல் ஃப்ரேமில் கட்டம் போட்டு டிராக் கொடுத்தேன், பாதியிலேயே எங்கேயோ ஓடிப்போச்சு. என்ன தப்பு?

முதல் ஃப்ரேமில் ஆரம்பித்ததுதான். நம் கிளிப்பில் முதல் ஃப்ரேமில் கார் 25 மீட்டர் தள்ளி இருக்கிறது, பிளேட் என்பது 16 பிக்சல் அகலமுள்ள ஒரு வெளிர்ப் புள்ளி, அவ்வளவுதான். டிராக்கர் எழுத்துகளையோ காரையோ புரிந்துகொள்வதில்லை. கட்டத்துக்குள் இருக்கும் மூலைகள், விளிம்புகள் மாதிரி தனித்துத் தெரியும் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஃப்ரேமில் அவை எங்கே போயின என்று தேடும். 16 பிக்சலுக்குள் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாலைந்து ஃப்ரேம் பிடிக்கும், அப்புறம் பின்னால் ஓடும் சாலைக்கோட்டையோ பக்கத்து வண்டியின் பம்பரையோ பிடித்துக்கொண்டு போய்விடும்.

அதனால் பிளேட் மிகப் பெரிதாகவும் மிகத் தெளிவாகவும் இருக்கும் ஃப்ரேமில் ஆரம்பித்துப் பின்னோக்கி டிராக் செய்யுங்கள். நம் கிளிப்பில் அது சிக்னலில் நிற்கும் இடம், சுமார் 300வது ஃப்ரேம். அங்கே நம் இரண்டு வண்டிகளும் நிற்கின்றன, அசைவினால் வரும் மங்கலும் இல்லை, பிளேட் 100 பிக்சல் அகலம். அங்கிருந்து பின்னால் போகப் போகப் பிளேட் சின்னதாகும். டிராக் கெட்டுப்போகும் இடம் வந்தாலும், பெரும்பாலும் யாராலும் படிக்க முடியாத தூரத்தில்தான் கெடும்.

செய்முறை இப்படி. Color பக்கத்துக்குப் போய் புதிதாக ஒரு நோட், அதாவது நாம் செய்யும் மாற்றங்களை வைத்திருக்கும் ஒரு பெட்டி, சேர்த்துக்கொள்ளுங்கள். Window பகுதியில் நாலு மூலையுள்ள கட்டத்தைத் தேர்ந்தெடுத்து 300வது ஃப்ரேமில் வையுங்கள். Tracker பகுதியில் பக்கவாட்டு அசைவுக்கான Pan, மேல்கீழ் அசைவுக்கான Tilt, அளவு மாற்றத்துக்கான Zoom மூன்றை மட்டும் டிக்கில் விட்டு Rotate, Perspective 3D இரண்டையும் எடுத்துவிடுங்கள். சின்னப் பொருளுக்கு அந்த இரண்டும் நல்லது செய்வதைவிடக் கெடுப்பதே அதிகம், கட்டம் காற்றில் பறக்கும் காகிதம் மாதிரி முறுக்கிக்கொள்ளும். பின்னோக்கி ஓடவிடுங்கள். முடிந்ததும் மறுபடி 300க்கு வந்து முன்னோக்கி ஓடவிடுங்கள். இரண்டும் ஒரே டிராக்காகச் சேர்ந்துவிடும்.

பிளரை இப்போதைக்குப் போட வேண்டாம். கட்டத்தின் கோடு மட்டும் தெரிந்தால்தான் உள்ளே பிளேட் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். பிளரை முதலிலேயே போட்டுவிட்டு "நல்லாத்தானே ஒட்டுது" என்று ஏமாந்தவர்கள் நிறைய.

பிளேட்டைச் சுற்றியே கட்டம் போடணுமா?

மறைப்பதற்கு, ஆமாம். டிராக் செய்வதற்கு அப்படி அவசியம் இல்லை, நான் அப்படிச் செய்வதும் இல்லை. முதலில் டிக்கி, இரண்டு பின்விளக்குகள், பிளேட் எல்லாம் உள்ளே வரும்படி பெரிய கட்டம் போட்டு டிராக் செய்வேன். விளக்கின் விளிம்பு, காரின் சின்னம், கண்ணாடி முடியும் கோடு என்று டிராக்கருக்குப் பிடித்துக்கொள்ள நிறையக் கிடைக்கும். இவையெல்லாம் பிளேட் இருக்கும் அதே பின்பக்கத்தில், ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால் பிளேட் போகும் வழியிலேயே போகும்.

டிராக் முடிந்தபிறகு, ஆரம்பித்த அதே 300வது ஃப்ரேமுக்கு வந்து, Tracker பகுதியின் வலது மேல் மூலையில் Clip என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு, கட்டத்தைப் பிளேட் அளவுக்குச் சுருக்குங்கள். Clip நிலையில் செய்யும் மாற்றம் டிராக் முழுவதற்கும் போகும். பக்கத்தில் இருக்கும் Frame நிலையில் செய்தால் அந்த ஒரு ஃப்ரேமில் ஒரு கீஃப்ரேம், அதாவது அங்கே கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்பு, மட்டும்தான் விழும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. Frame நிலையில் இருப்பது தெரியாமல் கட்டத்தைச் சரிசெய்வார்கள், அங்கே மட்டும் சரியாகும், மற்ற இடங்களில் கட்டம் மெதுவாக நகர்ந்து நகர்ந்து போகும்.

சுருக்கும்போது பிளேட்டை ஒட்டி வெட்டாதீர்கள். மேலே கீழே பிளேட்டின் உயரத்தில் பாதியாவது இடம் விடுங்கள். காரணம் பள்ளம் பற்றிய கேள்வியில் வருகிறது.

கார் எவ்வளவு தூரத்தில் இருக்கும்போதிலிருந்து மறைக்கணும்? முழு கிளிப்புக்கும் வேணுமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். டாஷ்கேமின் கிடைமட்டப் பார்வை 100 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1920 பிக்சல் அகலத்தில், அரை மீட்டர் அகலமுள்ள பிளேட் 10 மீட்டர் தூரத்தில் சுமார் 40 பிக்சல் வரும். தூரம் பாதியானால் பிக்சல் இரட்டிப்பு: 5 மீட்டரில் 80, 20 மீட்டரில் 20. (அகலக்கோண லென்ஸ் ஓரங்களில் வளைப்பதால் இது தோராயம்தான்.)

பிளேட்டில் 9, 10 எழுத்துகள் இருந்தால் 40 பிக்சலில் ஓர் எழுத்துக்கு நாலு பிக்சல். அந்த அளவில் டாஷ்கேமின் அழுத்தப்பட்ட படத்தில் வாசிப்பது கஷ்டம், ஆனால் ஒன்றிரண்டு எழுத்தை ஊகிக்கலாம். 20 பிக்சலில் எதுவும் கிடைக்காது. எனவே 1080 வரிப் படத்தில் 20 மீட்டருக்குள் வந்ததும் மறைக்க ஆரம்பித்தால் போதும் என்பது என் கணக்கு. 4K என்றால் எல்லாம் இரட்டிப்பு, 40 மீட்டரிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

கண்ணுக்குப் படிக்க முடியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஃப்ரேமில் படிக்க முடியாதது அடுத்தடுத்த முப்பது ஃப்ரேமைச் சேர்த்துப் பார்த்தால் தெளியும். சந்தேகமாக இருந்தால் ஒரு நொடி முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

பைக் குறுக்கே வந்ததும் கட்டம் பைக்கோடயே போயிடுது

போகத்தான் செய்யும். கட்டத்துக்குள் திடீரென்று பளிச்சென்று ஒரு ஹெல்மெட் வந்தால் டிராக்கருக்கு அதுதான் பிடிக்கும்.

நம் கிளிப்பில் பைக் 170லிருந்து 195 வரை பிளேட்டை மறைக்கிறது. பின்னோக்கி ஓடும் டிராக்கை 196ல் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓடியிருந்தால், Tracker வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து, மெனுவில் Clear Selected Track Data கொடுத்து அழியுங்கள். அப்புறம் 169வது ஃப்ரேமுக்குப் போய், Frame நிலைக்கு மாறி, கட்டத்தைக் கையால் பிளேட்டின் மேல் இழுத்து வைத்து, அங்கிருந்து பின்னோக்கி டிராக்கைத் தொடருங்கள். நடுவில் உள்ள இடைவெளியில் மென்பொருளே கட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராக நகர்த்திக்கொள்ளும்.

பைக் மறைக்கும் நேரத்தில் பைக்காரரின் முதுகில் மங்கல் தெரியும். அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் அந்த இடத்தில் பிளரை அணைக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத வேலை. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே, கை இடுக்கில் என்று பிளேட்டின் பாதி எட்டிப் பார்க்கும், அந்த இரண்டு ஃப்ரேமில் மொத்த உழைப்பும் வீண். முதுகு மங்கினால் மங்கட்டும்.

அப்புறம், அந்த பைக்குக்கும் ஒரு பிளேட் இருக்கும், மறந்துவிடாதீர்கள். அதற்குத் தனி நோட், தனிக் கட்டம், தனி டிராக்.

பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது மட்டும் நம்பர் ஒரு கணம் வெளியே தெரியுது

டாஷ்கேமுக்கே உரிய பிரச்சினை இது. கேமரா கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, வண்டி குதித்தால் மொத்தப் படமும் குதிக்கும். நம் கிளிப்பில் 230வது ஃப்ரேமில் கார் ஏறக்குறைய 8 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பிளேட்டின் அகலம் 50 பிக்சல், உயரம் 12 பிக்சல்தான். பள்ளத்தில் படம் ஒரே ஃப்ரேமில் 15 பிக்சல் கீழே இறங்குகிறது. அதாவது பிளேட் தன் முழு உயரத்தையும் தாண்டி நகர்ந்துவிட்டது. டிராக்கர் ஒரு ஃப்ரேம் பின்தங்கினாலும் கட்டத்துக்குள் இருப்பது பம்பர், வெளியே இருப்பது நம்பர்.

இதை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். பள்ளத்தில் Tilt கோட்டில் கூர்மையான முள் இருக்க வேண்டும், ஏனென்றால் பிளேட் உண்மையிலேயே குதித்தது. முள் இருந்தால் டிராக்கர் கூடவே போயிருக்கிறது என்று அர்த்தம். வீடியோவில் குலுக்கல் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் Tilt கோடு வழவழவென்று போகிறது என்றால் அங்கேதான் நம்பர் வெளியே வந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, எந்தக் குலுக்கலும் இல்லாத இடத்தில் Pan கோட்டில் மட்டும் திடீர் முள் இருந்தால் டிராக்கர் வழுக்கி வேறொன்றைப் பிடித்திருக்கிறது. கார் நெருங்கிக்கொண்டே இருக்கும்போது Zoom கோடு அசையாமல் கிடந்தாலும் அதே கதைதான்.

சரிசெய்வது கைவேலை: Frame நிலையில் 228லிருந்து 234 வரை ஒவ்வொரு ஃப்ரேமாகப் போய்க் கட்டத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். ஏழு ஃப்ரேம், இரண்டு நிமிடம். மேலே கீழே இடம் விடச் சொன்னது இதற்காகத்தான். 12 பிக்சல் பிளேட்டுக்கு 24 பிக்சல் கட்டம் இருந்தால் சின்னச் சின்னக் குலுக்கல்கள் உள்ளேயே அடங்கிவிடும், பெரிய பள்ளங்களை மட்டும் கையால் பார்த்தால் போதும்.

கார் போன பிறகும் பிளர் ரோட்டிலேயே நிக்குது

டிராக் முடிந்த இடத்தில் கட்டம் அப்படியே உறைந்து நிற்கும். Edit பக்கத்தில் கிளிப்பை வெட்டி, பிளர் தேவையில்லாத துண்டின் நோட்டை அணைத்துவிடுங்கள். கார் படத்தின் விளிம்பைத் தாண்டும் கடைசி 10, 15 ஃப்ரேமில் டிராக்கர் தடுமாறும், ஏனென்றால் பிடித்திருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகப் படத்துக்கு வெளியே போகின்றன. அங்கேயும் Frame நிலையில் கையால் நகர்த்துங்கள், கட்டத்தை விளிம்புக்கு வெளியே வரை தள்ளலாம். பிளேட் முழுக்க மறைந்த பிறகு இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளியே வெட்டுங்கள்.

பிளர் எவ்வளவு வைக்கணும்? மொசைக் போட்டா போதாதா?

Blur பகுதியில் Radius 0.50ல் இருக்கும், அதுதான் நடுநிலை. மேலே ஏற்றினால் மங்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கட்டம் பெரிதாகும்போது பிளரின் அளவு தானாக அதிகரிக்காது. தூரத்தில் இருக்கும்போது அளவு பார்த்து வைத்தால், 16 பிக்சல் பிளேட் கரைந்துபோகும், 100 பிக்சல் பிளேட் லேசாகக் கலங்கும், எழுத்துகள் தெரியும். பிளேட் பெரிதாக இருக்கும் 300வது ஃப்ரேமில் நின்று, எத்தனை எழுத்து என்றுகூட எண்ண முடியாத அளவுக்கு ஏற்றுங்கள். அங்கே போதுமானால் மற்ற எல்லா இடத்திலும் போதும்.

ஆனால் பிளரையும் மொசைக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை. பிளர் செய்யும்போது தகவல் முழுசாக அழிவதில்லை, பரவுகிறது. நம்பர் பிளேட்டின் எழுத்துரு தெரிந்தது, எழுத்துகளின் எண்ணிக்கை தெரிந்தது, எந்த இடத்தில் எண் வரும் என்பதும் தெரிந்தது. அதனால் யாரும் மங்கலைத் "திருப்பி" எடுக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் தாங்களே வரைந்து, அதே மாதிரி மங்கலாக்கி, எது அதிகம் பொருந்துகிறது என்று ஒப்பிட்டால் போதும்.

மொசைக்கில் வேறொரு ஓட்டை இருக்கிறது, அது ஓடும் பிளேட்டில்தான் பெரிதாகிறது. மொசைக் கட்டங்கள் படத்தோடு ஒட்டி நிற்கும்போது பிளேட் அவற்றுக்கு அடியில் நகர்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே எழுத்தின் வேறு வேறு பகுதியின் சராசரி கிடைக்கிறது. ஒரு நிழற்படத்தில் மொசைக் போட்டால் எதிராளிக்கு ஒரே ஒரு அளவீடு, 10 நொடி வீடியோவில் போட்டால் 300 அளவீடுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் பிளேட்டின் உருவம் மெல்ல எழுந்து வரும்.

சுழற்றி விடுவது போன்ற வேலைகள் இன்னும் மோசம். 2007ல் இன்டர்போல் தேடிய ஒருவர் தன் முகத்தைச் சுழற்றிக் குழப்பிப் படங்களை வெளியிட்டிருந்தார், புலனாய்வாளர்கள் அதைத் திருப்பிச் சுழற்றி முகத்தை எடுத்துவிட்டார்கள்.

என் வழி: அதே கட்டத்தின் நோட்டில் Gain சக்கரத்தை 0க்கு இறக்கிப் பிளேட்டைக் கறுப்பாக்கிவிடுவது. ஒரு பிக்சல் தகவல்கூட மிஞ்சாது. பார்க்கக் கரடுமுரடாக இருக்கிறது, ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது என்பீர்கள், உண்மைதான். மங்கலாகவே தெரிய வேண்டும் என்றால் முதல் நோட்டில் கறுப்பாக்கிவிட்டு, அடுத்த நோட்டில் கொஞ்சம் பெரிய கட்டம் போட்டு, அதற்கும் அதே மாதிரி டிராக் கொடுத்து, மங்கலாக்குங்கள். அப்போது மங்குவது கறுப்புப் பட்டையும் சுற்றியுள்ள பம்பரும்தான், எழுத்து அங்கே இல்லவே இல்லை. முன்பின் தெரியாதவருடைய வண்டி, யாரும் தேடப்போவதில்லை என்றால் பலமான பிளரே போதும். விபத்து, சண்டை, வழக்கு என்று ஏதாவது இருக்கும் வீடியோவுக்குக் கறுப்புதான்.

கட்டத்தின் ஓரத்தை மென்மையாக்கினா அழகா இருக்குமே?

இருக்கும். மென்மையான ஓரம் என்றால் அங்கே மறைப்பு பாதி என்று அர்த்தம். பிளேட்டை ஒட்டிய கட்டத்தில் ஓரத்தை மென்மையாக்கினால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அந்தப் பாதி மறைப்புக்குள் வந்து தெரியும். மென்மை வேண்டுமானால் அந்த அளவுக்குக் கட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

இரவு வீடியோவில் டிராக்கிங் நிக்கவே மாட்டேங்குது

பிளேட் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளால் ஆனது. நம் விளக்கு பட்டால் வெள்ளையாக வெடிக்கும், வளைவில் திரும்பினால் சட்டென்று கறுக்கும். ஒரே பொருள் பத்து ஃப்ரேமுக்குள் இரண்டு வேறு பொருளாகத் தெரிந்தால் டிராக்கர் என்ன செய்யும். முன்னால் சொன்னபடி பின்விளக்குகளை உள்ளடக்கிய பெரிய கட்டம் போடுங்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது விளக்கும் வெடிக்கும், ஆகவே பிரேக் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, கையால் சரிசெய்து, தொடருங்கள். இன்னொன்று, கண்ணாடியில் விழும் டாஷ்போர்டின் பிரதிபலிப்பு. அது படத்தில் அசையாமல் இருக்கும். டிராக்கர் அதைப் பிடித்துக்கொண்டால் கட்டம் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும், கார் போய்க்கொண்டே இருக்கும்.

பல இரவு கிளிப்புகளில் டிராக்கரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஐந்து ஃப்ரேமுக்கு ஒருமுறை கையால் கீஃப்ரேம் வைப்பதே வேகமாக முடிகிறது.

மறைப்பு இரண்டு மூணு ஃப்ரேம் பின்தங்கியே வருது, எல்லா இடத்திலும்

எல்லா இடத்திலும் என்றால் டிராக்கரைக் குற்றம் சொல்ல முடியாது, ஃப்ரேம் வேகத்தைச் சந்தேகியுங்கள். கிளிப் 30, டைம்லைன் 24 என்று இருக்கலாம், அல்லது கோப்பின் ஃப்ரேம் வேகமே மாறிக்கொண்டிருக்கலாம். போனில் டாஷ்கேம் செயலி போட்டு எடுத்த வீடியோக்களில் இரண்டாவது சகஜம். ffmpeg என்ற இலவசக் கருவியும் அதோடு வரும் ffprobe என்பதும் கட்டளை வரியில் ஓடுபவை, அவற்றை வைத்து இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate in.mp4
```

வரும் இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் வேகம் மாறுகிறது. எதையும் தொடங்கும் முன் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a aac out.mp4
```

ரிசால்வில் புதுப் பிராஜெக்டில் டைம்லைன் வேகத்தை முதலிலேயே 30 என்று வைத்துவிடுங்கள், கிளிப்பை டைம்லைனில் போட்ட பிறகு அதை மாற்ற விடாது. ஏற்கெனவே செய்த டிராக் போச்சு, மறுபடி செய்ய வேண்டியதுதான்.

கேடன்லைவில் செய்ய முடியாதா?

முடியும். Motion Tracker என்ற விளைவைக் கிளிப்பின் மேல் போட்டு, செவ்வகத்தைப் பிளேட்டின் மேல் வைத்து, Analyse அழுத்தினால் ஓடும். அதில் டிராக்கர் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்: MOSSE வேகமானது, CSRT மெதுவானது ஆனால் சின்னப் பொருளை நன்றாகப் பிடிக்கும். பிளேட்டுக்கு CSRT. கீஃப்ரேம்களுக்கு இடையே எத்தனை ஃப்ரேம் இடைவெளி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைக் குறைவாக வையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவில் நேர்கோட்டில்தான் நகரும், பள்ளத்தில் நடக்கும் ஒரு ஃப்ரேம் குதிப்பு அந்த நேர்கோட்டில் காணாமல்போய் நம்பர் வெளியே வந்துவிடும். பின்னோக்கி டிராக் வேண்டுமென்றால் கிளிப்பைத் தலைகீழாக ஓட்டி டிராக் செய்து, மறுபடி தலைகீழாக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் சுற்றுவழி.

யூடியூபிலேயே பிளர் இருக்கே, இவ்வளவு பாடு எதுக்கு?

யூடியூப் ஸ்டுடியோவில் Custom blur, அதற்குள் Track object இருக்கிறது, வேலையும் செய்கிறது. மெதுவாக நகரும் பெரிய பொருளுக்கு நன்றாகவே இருக்கும். பள்ளம், பைக் என்று வந்தால் மேலே சொன்ன அளவுக்கு ஃப்ரேம் ஃப்ரேமாகத் திருத்த அங்கே வசதி இல்லை. அதைப் பயன்படுத்துவதானால் வீடியோவை முதலில் Private ஆகவே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மறைப்பதற்குள் மறைக்காத வீடியோ ஊரைச் சுற்றி வந்துவிடும்.

எல்லாம் மறைஞ்சிருக்குன்னு எப்படி உறுதி செய்வது?

ஓடவிட்டுப் பார்த்து உறுதி செய்ய முடியாது. 30ல் ஒரு ஃப்ரேம் தப்பினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பார்ப்பவர் யூடியூபில் நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும், ஒரு ஃப்ரேம் கிடைத்தாலே அவருக்குப் போதும்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பை, திட்டத்தை அல்ல, கோப்பைத் திறந்து ஒவ்வொரு ஃப்ரேமாகப் பாருங்கள். விஎல்சியில் E விசை ஒரு ஃப்ரேம் முன்னால் நகர்த்தும். 420 ஃப்ரேம் என்றால் பத்து நிமிடம். நேரமில்லையென்றால் மறைப்பு தொடங்கும் இடம், பைக் வந்து போகும் இடம், பள்ளம், வெளியேறும் விளிம்பு, வெட்டின் இரு பக்கம் இவற்றை மட்டுமாவது பாருங்கள்.

பிளேட்டைத் தாண்டியும் நம்பர் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து லாரியின் பளபளப்பான பம்பரில் இடம் வலமாகத் திரும்பித் தெரியும், லாரி, டாக்சிகளில் பக்கவாட்டிலும் எழுதியிருக்கும், சில நேரம் நாமே வாயால் அந்த நம்பரைச் சத்தமாகப் படித்திருப்போம், அது ஆடியோவில் இருக்கும். நானே ஒருமுறை வீடியோ முழுவதையும் ஒழுங்காக மறைத்துவிட்டு, முகப்புப் படத்துக்கு மூலக் கோப்பிலிருந்து அழகான ஃப்ரேம் ஒன்றை எடுத்துப் போட்டேன். நம்பர் கொட்டை எழுத்தில். இரண்டு நாள் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் சொந்த விவரமும் இருக்கிறது. படத்தின் அடியில் டாஷ்கேம் பதித்த ஜிபிஎஸ் எண்கள் இருந்தால் அவற்றுக்கு அசையாத ஒரு கட்டம் போதும், டிராக்கிங்கே வேண்டாம். சில கேமராக்கள் இடத்தையும் வேகத்தையும் கோப்புக்குள் தனி ஓடையாகவும் எழுதும். ரிசால்வில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் அது வழக்கமாகக் கூட வராது, ஆனாலும் அனுப்பும் முன் படத்தையும் ஒலியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i final.mp4 -map 0:v:0 -map "0:a?" -map_metadata -1 -c copy clean.mp4
```

மறைத்த பிறகு மூலக் கோப்பை அழிச்சிடலாமா?

விபத்து வீடியோவாக இருந்தால் அழிக்காதீர்கள். காப்பீட்டுக்கோ விசாரணைக்கோ கேட்டால் கொடுக்க வேண்டியது கேமரா எழுதிய அந்தக் கோப்புதான், நேரமும் நம்பரும் தெரியும்படி. டாஷ்கேம் அட்டை நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும், அதனால் அன்றைக்கே கணினிக்கு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலின் நகலில் மேலே சொன்ன வேலையைச் செய்யுங்கள்.